28-ஆம் தேதி ஏன் கடைசிப் பக்கத்துக்குப் போனது?

ஒரு சின்ன அம்புக்குறிக்காகச் சண்டை போடப் போகிறேன். "வேற வேலை இல்லையா"ன்னு கேட்கிறவங்க முழுசாப் படிச்சிட்டுத் திட்டுங்க :-)

2024 நவம்பர் 25. ஓசூர், சூளகிரி, பொம்மசந்திரா பக்கத்துத் தொழிற்சாலைகளின் அப்ரெண்டிஸ் இடங்களை ஒரே அட்டவணையாகப் போடும் ஒரு தளத்தை (பெயர் வேண்டாம்) அறை நண்பன் செல்போனில் திறந்தான். நிறுவனம், ஊர், உதவித்தொகை, கடைசித் தேதி என்று நாலு பத்தி. மொத்தம் அறுபது சொச்சம் வரி, பக்கத்துக்குப் பத்து. திறந்ததும் நிறுவனப் பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் வந்து நின்றன. எது சீக்கிரம் முடிகிறது என்று பார்க்க 'கடைசித் தேதி' தலைப்பைத் தட்டினான். வந்தது இதுதான்:

```
03-12-2024
05-01-2025
12-12-2024
28-11-2024
```

(நடுவில் இருந்த வரிகளை விட்டுவிட்டேன்.) முதலில் டிசம்பர் 3 தெரிந்ததும் "இன்னும் ஒரு வாரம் இருக்கு மாப்ள"ன்னு போனை வைத்துவிட்டான். மூன்றே நாளில் முடியவிருந்த 28-11 கடைசிப் பக்கத்தில் கிடந்தது. அவன் படித்த டிரேடுக்கு அந்த ஒரு இடம்தான் பொருத்தமானது. போச்சு.

என்ன நடந்தது? அந்தப் பக்கம் தேதியைத் தேதியாகப் பார்க்கவில்லை, எழுத்தாகப் பார்த்தது. எழுத்தை இடமிருந்து ஒவ்வொன்றாகத்தான் ஒப்பிடும். 0, 1-க்கு முன்னால். 1, 2-க்கு முன்னால். மாதமும் வருஷமும் அதன் கண்ணுக்கே படவில்லை. 28 எந்த மாதத்தில் வந்தாலும் அதன் கதி கடைசிப் பக்கம்தான். உதவித்தொகைப் பத்தியிலும் இதே கூத்து: 12,000 முன்னால், 9,500 பின்னால்.

தீர்வு ஒரு வரி. கண்ணுக்கு நம்ம ஊர்த் தேதி, ஒப்பிட வருஷம்-மாதம்-நாள்:

```
<td data-order="2024-11-28">28-11-2024</td>
```

பலரும் பயன்படுத்தும் DataTables நிரல் இந்த `data-order`-ஐப் படித்து வரிசைப்படுத்தும். இதைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு டீ ஆறுவதற்குள் முடியும்.

அடுத்து, திறந்தவுடன் என்ன வரிசை. "பயனர் வேணும்னா தலைப்பைத் தட்டிக்கட்டுமே, அகர வரிசைதான் நடுநிலை" என்று ஒரு வாதம் வரும். ஒப்புக்கொள்ள மாட்டேன். தலைப்பைத் தட்டலாம் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு முதல் பத்து வரிதான் மொத்த அட்டவணையும். 'A'-யில் ஆரம்பிக்கும் கம்பெனிக்கு விண்ணப்பம் குவிவதில் என்ன நடுநிலை? உண்மையில் அது யாரும் யோசித்து வைத்ததுகூட இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் DataTables முதல் பத்தியை ஏறுவரிசையில் அடுக்கிவிடும். நிரலின் சோம்பலைக் கொள்கை என்று சொல்லாதீர்கள்.

வேலைப் பட்டியலுக்கு உருப்படியான வரிசை, முடியப்போவது முதலில். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. வெறும் ஏறுவரிசை என்றால் அக்டோபரிலேயே முடிந்தவை தலையில் உட்காரும். அவற்றை எடுத்துவிட வேண்டும், அல்லது அடியில் தள்ள வேண்டும். உதவித்தொகைத் தலைப்பைத் தட்டினால் முதல் தட்டிலேயே பெரிய தொகை மேலே வரட்டும். குறைந்த சம்பளம் எங்கே என்று யாரும் தேடுவதில்லை.

கடைசியாக அம்புக்குறி. அந்த அட்டவணையில் நாலு தலைப்பிலும் சாம்பல் நிறத்தில் ▲▼ எப்போதும் நின்றன. எந்தப் பத்தி இப்போது ஆள்கிறது என்றே தெரியவில்லை. சில இடங்களில் இன்னும் மோசம்: அம்பு இப்போதைய நிலையைக் காட்டாமல், தட்டினால் என்ன ஆகும் என்பதைக் காட்டும். என் கட்சி இது: வரிசையை ஆளும் பத்தியில் மட்டும் ஒற்றை அழுத்தமான அம்பு. ▲ என்றால் சிறியது மேலே, ▼ என்றால் பெரியது மேலே. தேதிக்கு அதுவும் குழப்பும். பக்கத்தில் 'விரைவில் முடிவது முதலில்' என்று எழுதிவிடுங்கள். திரை வாசிப்பான் வைத்திருப்பவருக்கு அம்பு தெரியாது, அந்தத் தலைப்பில் `aria-sort="ascending"` சேருங்கள்.

ஒரு அட்டவணை சரியா என்று சோதிக்க ஒரு நிமிஷம் போதும். தேதித் தலைப்பைத் தட்டி, மாதம் மாறும் இடத்தைப் பாருங்கள். 05-01 வந்த பிறகு 12-12 வந்தால், அந்த அட்டவணை உங்களிடம் பொய் சொல்கிறது.

பி.கு: ஊர்ப் பெயர்களைத் தமிழில் போட்டாலும் வம்புதான். யூனிகோடு எண்ணில் 'ன' என்பது 'ம'-வுக்கு முன்னால். அதனால் ஆனேக்கல் முதலில், ஆம்பூர் பிறகு வரும். நம் அகர வரிசையில் ஆம்பூர்தான் முதல். `a.localeCompare(b, 'ta')` என்று ஒப்பிட்டால் சரியாகிவிடும்.