நூற்றுக்கு நூறும் தரவரிசையும்

மதிப்பெண் என்பது மாணவரின் கல்வியை அளக்கும் கோல். அக்கோலே நீண்டுவிட்டால் அளவைக்கு என்ன மதிப்பு? தியாகராயநகரிலும் மயிலாப்பூரிலும் தனிப்பயிற்சி நிலையங்களின் பலகைகளில் நூற்றுக்கு நூறு பெற்றோரின் படங்கள் நெருங்கி நிற்பதைக் காணுந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகிறது.

தமிழகத்தில் பொறியியல் சேர்க்கைக்குக் கணிதத்திற்கு நூறும், இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பதைம்பதுமாக 200க்குக் ‘கட்-ஆஃப்’ கணக்கிடப்படுகிறது. நுழைவுத்தேர்வு இருந்த காலத்தில் அதன் நூறு மதிப்பெண்ணும் இதனுடன் சேர்ந்தது. 2007 முதல் அது நீங்கியது. ஊர்ப்புற மாணவர்க்கு அது நன்மையே. ஆயின் முழுச்சுமையும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மீது வந்து விழுந்தது.

ஒரு சான்று காண்போம். ஒருவர் கணிதத்தில் 100, மற்ற இரண்டிலும் 95 பெறுகிறார். இன்னொருவர் கணிதத்தில் 95, மற்ற இரண்டிலும் 100 பெறுகிறார். இருவர்க்கும் கட்-ஆஃப் 195தான். கணிதத்தில் மிகுந்தவர் முந்துகிறார். கணிதமும் ஒத்தால் இயற்பியல், பின்னர் நான்காம் விருப்பப்பாடம் முதலியவற்றைப் பார்த்து, அனைத்தும் ஒத்திருந்தால் பிறந்தநாளில் மூத்தவரை முன்வைக்கின்றனர். அதுவும் ஒத்தால் கணிப்பொறி தரும் சமவாய்ப்பு எண்ணே முடிவு செய்கிறது. 2019 முதல் பாடத்திற்கு 200 என்பது 100 ஆனபின், இயற்பியலின் ஒரு மதிப்பெண் கட்-ஆஃப்பில் கால் அன்று, அரையாயிற்று. படிகள் குறைந்தன, ஒரே படியில் நிற்போர் பெருகினர். உச்சியில் நெரிசல் மிகும்போது கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இடம் பெறுவதைப் பிறந்தநாளும் தீர்மானிக்கக்கூடும். இதனைத் தகுதி என்பது எங்ஙனம்?

இதனினும் பெரிய கேடு கற்றலில் நேர்ந்தது. பதினோராம் வகுப்பு மதிப்பெண் கணக்கில் வாராமையால், பல பள்ளிகள் அப்பாடத்தை விட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு நூலையே ஈராண்டு மனனம் செய்வித்தன. வகைநுண்கணிதத்தின் தொடக்கமும் இயக்க விதிகளும் விடுபட்ட அந்நூலில்தான் உள்ளன. எனவே நூறு பெற்றவரும் பொறியியல் முதலாண்டில் தடுமாறுகிறார். இதனைத் தடுக்கவே 2018இல் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்தது. அம்மதிப்பெண் சேர்க்கைக்குக் கொள்ளப்படாது என்றதும் அதன் பிடி தளர்ந்தது. 2025-26 கல்வியாண்டில் அத்தேர்வே கைவிடப்பட்டுள்ளது.

மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியது நன்றே. ஆயினும் வரிசை வேட்கை பலகைகளில் வாழ்கிறது. வினாக்கள் நூலின் பயிற்சிகளை விட்டு அகன்று சிந்திக்க வைப்பனவாகுமாயின் மதிப்பெண்கள் தாமே விரிந்து பரவும். பிறந்தநாளை நாடவேண்டிய நிலையும் அரிதாகும். அதுவரை, பதினோராம் வகுப்பு நூலை முழுதும் நடத்துகின்றனரா என்று பெற்றோர் பள்ளியைக் கேட்பாராக. ‘எத்தனை வாங்கினாய்?’ என்பதோடு ‘எதனை விட்டுவிட்டாய்?’ என்றும் நம் பிள்ளைகளைக் கேட்போம்.