கணக்குப் பக்கம்: குறி எங்கே திரும்புகிறது?

அடுக்கு அசமன்பாடுகளைத் தீர்க்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுவதைக் காண்கிறோம். அடிமானம் 1-ஐவிடப் பெரியதாயின் விடை சரியாக வருகிறது. அது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னமாயின் விடை தலைகீழாகி விடுகிறது. "பின்னமானால் குறியைத் திருப்பு" என்று மனப்பாடம் செய்த பிள்ளையும் எந்த வரியில் திருப்புவது என்று மயங்குகிறது. காரணத்தை உணர்ந்தால் இம்மயக்கம் நீங்கும்.

அடிமானம் 2 எனக் கொள்வோம். அடுக்கு 1, 2, 3 என உயர, மதிப்பும் 2, 4, 8 என உயரும். ஆகவே 2ˣ < 8 எனில் x < 3. இனி அடிமானம் 1/2 எனக் கொள்வோம். அடுக்கு உயர உயர, மதிப்பு 1/2, 1/4, 1/8 எனத் தாழும். 1/8-ஐவிடச் சிறிய மதிப்பு வேண்டுமாயின் அடுக்கு 3-ஐக் கடக்க வேண்டும். ஆகவே (1/2)ˣ < 1/8 எனில் x > 3. குறி திரும்புவதன் காரணம் இவ்வளவே.

மெய்யான கணக்கொன்றைப் பார்ப்போம். தைராய்டு நோய்க்கு மருந்தாகும் அயோடின் 131 என்னும் கதிரியக்கப் பொருள் ஏறத்தாழ 8 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அது நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைவது எப்போது? t என்பது நாட்களாயின்,

(1/2)^(t/8) < 1/100

இருபுறமும் 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுப்போம். எண் பெருகினால் அதன் மடக்கையும் பெருகுமாதலின் இங்கே குறி திரும்பாது.

(t/8) × (−0.3010) < −2

அடுத்து −0.3010-ஆல் வகுக்கிறோம். 1/2-இன் மடக்கை குறை எண்; குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும்.

t/8 > 6.64, அதாவது t > 53.2

ஆகவே 54ஆம் நாள் முடிவில் அளவு நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும். பின்னத்தைக் கண்டவுடன் மடக்கை எடுக்கும் வரியிலேயே குறியைத் திருப்பி, வகுக்கும்போது மீண்டும் திருப்புவோர் t < 53.2 எனத் தவறான விடைக்கே வந்து சேர்வர். ஒருமுறையும் திருப்பாதோருக்கும் அதே கதி. அவ்விடையை நம்பினால், மருந்து முழு வீரியத்தோடு இருக்கும் முதல் நாளிலேயே அது தணிந்துவிட்டதாகக் கருத நேரும்.

பிழையைக் கண்டறிய எளிய வழி உண்டு. t = 0 என இட்டுப் பாருங்கள். இடப்புறம் 1 ஆகிறது. 1 என்பது 1/100-ஐவிடச் சிறியதன்று. எனவே 0 தீர்வுக் கணத்தில் இருத்தலாகாது. விடை எழுதியபின் இவ்வாறு ஓர் எண்ணை இட்டுச் சோதித்தல் நலம்.

மற்றொன்றும் நினைவிற் கொள்க. வலப்புறம் சுழியோ குறை எண்ணோ ஆயின் அதற்கு மடக்கை எடுத்தல் இயலாது. (1/2)ˣ எப்போதும் மிகை எண்ணாதலின், (1/2)ˣ > −3 என்பதற்கு எல்லா மெய்யெண்களும் தீர்வு. (1/2)ˣ < −3 என்பதற்குத் தீர்வே இல்லை.