கணைக்கால் வலித்தால் ஓடலாமா?

விளையாட்டு விழா நெருங்கியதும் ஓட்டத்தைத் திடீரெனக் கூட்டுகிறீர்கள், கணைக்கால் வலிக்கிறது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்பார்கள். நம்பிவிடாதீர்கள். முதலில் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள்.

வலி 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவியிருந்து, ஓடத் தொடங்கியதும் சற்றுத் தணிந்தால், பெரும்பாலும் எலும்பின் மேலுறை உறுத்தப்பட்டிருக்கிறது. வாரம் 16 கிலோமீட்டர் ஓடியவர் 8 ஆகக் குறைக்கலாம். வலியின்றி ஓட முடிந்த பிறகு வாரத்துக்கு 1 கிலோமீட்டர் கூட்டலாம்.

ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்து, ஓட ஓட மிகுந்து, படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் விரிசல் தெரியாமல் போவதுண்டு. படத்தை நம்பி ஓடினால் எலும்பே முறியக்கூடும். விரல் காட்டும் புள்ளியையும் நம்புங்கள்!