‘கொழுகொழு’னு இருக்கிறது அழகில்லை: செல்ல நாயின் எடையைக் குறைக்க எந்தக் கணக்கு சரி?

“நம்ம வீட்டு லேப் நல்லா கொழுகொழுனு இருக்கான்ல?” அப்பார்ட்மென்ட் லிஃப்ட்டில் அடிக்கடி கேட்கும் பாராட்டு இது. வளர்ப்பவருக்குப் பெருமை. ஆனால், சுமக்கிற நாய்க்கு அது இடுப்பு வலி, மூட்டு வலி, வெயிலில் மூச்சிரைப்பு. 2002-ல் வெளியான ஓர் ஆய்வு 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் 25% குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள். மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். அதாவது, தட்டில் கூடுதலாக விழுந்த அந்த உணவின் விலை கிட்டத்தட்ட 2 வருட வாழ்க்கை.

சரி, டயட் ஆரம்பிக்கலாம் என்று முடிவெடுக்கும் வீடுகளும் முதல் அடியிலேயே சறுக்குகின்றன. காரணம், நாய் இப்போது இருக்கும் எடைக்குக் கணக்கு போடுவது. போட வேண்டியது, அது இருக்க வேண்டிய எடைக்கு.

எடை மெஷினுக்கு முன்னால் விரல்

இருக்க வேண்டிய எடை எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஒரே இனத்திலும் பெரிய எலும்பு, சின்ன எலும்பு உண்டு என்பதால், எடை எண் மட்டும் உதவாது. கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்துவது ‘பாடி கண்டிஷன் ஸ்கோர்’. 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் மிக அதிகப் பருமன். 4 அல்லது 5 சரியான நிலை.

வீட்டிலேயே பார்க்கலாம். நாய் நிற்கும்போது விலா எலும்பின் மேல் விரல்களை லேசாகத் தடவுங்கள். உள்ளங்கையைக் கீழே வைத்துப் புறங்கையைத் தடவினால் எலும்புகள் மெல்லிய தோலுக்கடியில் தெரியும் அல்லவா, அப்படி இருந்தால் சரி. கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதைமேட்டைத் தொடுவதுபோல இருந்தால் எடை கூடிவிட்டது. அடுத்து மேலிருந்து பாருங்கள்: விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னங்காலை நோக்கி மேலே ஏற வேண்டும். முடி அடர்ந்த நாய்களில் கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது.

அழுத்தித் தேடினால்தான் விலா தட்டுப்படுகிறது, இடுப்பே இல்லை, வால் தொடங்கும் இடத்தில் கொழுப்பு திரண்டிருக்கிறது என்றால் ஸ்கோர் 8. ஐந்துக்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் தோராயமாக 10% கூடுதல் எடை. ஆக, 8 என்றால் 30%.

38 கிலோ லேப்: கணக்கு இப்படி

ஓர் உதாரணம். கருத்தடை செய்த, ஐந்து வயது லேப்ரடார். எடை 38 கிலோ, ஸ்கோர் 8. இலக்கு எடை: 38 ÷ 1.3 = சுமார் 29 கிலோ.

சும்மா படுத்திருக்கும் உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவையான கலோரிக்கு ஒரு சூத்திரம் உண்டு:

```
70 × (கிலோ)^0.75
```

பயப்பட வேண்டாம், மொபைல் கால்குலேட்டர் போதும். 29-ஐ மூன்று முறை பெருக்குங்கள் (29 × 29 × 29). வரும் விடைக்கு √ பட்டனை இரண்டு முறை தட்டுங்கள், 12.5 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 875 கிலோ கலோரி. எடை குறைப்புக்கான தொடக்க அளவு இதுதான். இதே கணக்கை 38 கிலோவுக்குப் போட்டால் 1,071 வரும். தினமும் கிட்டத்தட்ட 200 கலோரி கூடுதல். டயட் ‘வேலை செய்யாத’ பல வீடுகளின் ரகசியம் இங்கேதான். உணவு பாக்கெட்டில் இருக்கும் அட்டவணையும் எடையைத் தக்கவைக்கவே. 38 கிலோ வரிசையைப் பார்த்துப் போட்டால் 38-லேயே நிற்கும்.

வில்லன் கிண்ணத்தில் இல்லை

இந்த லேப் இப்போது என்ன சாப்பிடுகிறது? 300 கிராம் உலர் உணவு, சுமார் 1,050 கலோரி. “அவ்வளவுதான் போடுறோம்” என்பார்கள். ஆனால் காலையில் பாட்டி கையால் இரண்டு மாரி பிஸ்கட், அப்பாவின் டீயோடு இரண்டு, சாயங்காலம் பொண்ணு இரண்டு. ஒன்று சுமார் 25 கலோரி என்றால் ஆறுக்கு 150. ராத்திரி மிச்சமான தயிர்சாதம் ஒரு சின்னக் கிண்ணம், இன்னொரு 150. மொத்தம் 1,350. யாருமே நிறையக் கொடுக்கவில்லை, எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு டப்பா போதும். நொறுக்குத்தீனிக்கு மொத்தக் கலோரியில் 10%, அதாவது 87 மட்டும். மீதி 788 உணவுக்கு. சாதாரண உணவையே இவ்வளவு குறைத்தால் புரதமும் சத்துகளும் பற்றாமல் போகலாம். அதனால் மருத்துவரிடம் கேட்டு, எடை குறைப்புக்கென்றே தயாரான உணவுக்கு மாறுவது நல்லது. அது கிலோவுக்கு 3,000 கலோரி என்றால், தினமும் சுமார் 260 கிராம். கப்பில் அளக்காமல் கிச்சன் தராசில் நிறுத்து, காலையிலேயே டப்பாவில் போட்டுவிட வேண்டும். பாட்டி கொடுப்பதும் அதிலிருந்துதான். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரி, கேரட் துண்டு. புது உணவுக்கு ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள்.

“வாக்கிங் கூட்டிட்டுப் போனா போதாதா?” போதாது. 38 கிலோ நாய் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது தோராயமாக 75 கலோரி, மூன்று மாரி பிஸ்கட். நடை தசைக்கு நல்லது, ஆனால் எடையைத் தீர்மானிப்பது தட்டு. பருமனான நாயை வெயிலில் ஓட வைப்பதோ ஆபத்து, விடியற்காலைதான் நேரம்.

எவ்வளவு வேகம் சரி?

வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2%. இந்த நாய்க்குத் தொடக்கத்தில் 380 முதல் 760 கிராம். 9 கிலோ இறங்க மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கிளினிக்கில் ஒரே தராசில் பாருங்கள். 1%-க்குக் கீழே என்றால் கலோரியை 10% குறைக்கலாம். 2%-ஐத் தாண்டினால் 10% கூட்ட வேண்டும், ஏனெனில் அப்போது கொழுப்போடு தசையும் கரையும்.

டப்பாவை மீறி யாரும் கொடுக்காமலும் எடை அசையவில்லையா? மேலும் குறைத்துப் பட்டினி போடாதீர்கள். தைராய்டு குறைபாடு போன்றவற்றுக்கு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொரு விஷயம்: அந்தப் பசிப் பார்வை. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு ‘பாம்க்’ (POMC) என்ற மரபணுவில் ஒரு பகுதி இல்லாததைக் கண்டுபிடித்தார்கள். அது சாப்பாட்டு ஆர்வத்தைத் தூண்டுகிறது. அப்படிப்பட்ட நாய் வயிறு நிறைந்த பிறகும் மேசையோரம் நின்று பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டியது பிஸ்கட் இல்லை, ஐந்து நிமிட விளையாட்டு. ஏனென்றால், அதற்குத் தட்டைத் தள்ளி வைக்கத் தெரியாது. வீட்டில் அது தெரிந்தவர்கள் மனிதர்கள் மட்டும்தான்.