‘Delivered’ என்று வந்தால் பி.ஓ.டி. கேளுங்கள்



கூரியரில் வர வேண்டிய பொருள் வீட்டுக்கு வந்திருக்காது. ஆனால் ‘Delivered’ என்று போனில் குறுஞ்செய்தி வந்து நிற்கும். கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால், “டெலிவரி ஆயிடுச்சுன்னுதான் சிஸ்டத்துல காட்டுது” என்பார்கள். சென்னையில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு வரும் இத்தகைய புகார்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே வாக்குவாதமாகி நின்றுவிடுகின்றன. சிஸ்டம் காட்டுவது, டெலிவரி ஊழியர் தன் போனில் அழுத்திய ஒரு பொத்தானின் பதிவை மட்டுமே. அதற்கு ஆதாரமாக அவர் எதைப் பதிவு செய்தார் என்பது வேறு கேள்வி. அந்த ஆதாரத்தைத்தான் கூரியர் தொழிலில் பி.ஓ.டி. என்கிறார்கள். வாக்குவாதத்துக்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதலில் செய்தி உண்மையா என்று பாருங்கள்

“உங்கள் பார்சல் வந்துவிட்டது, முகவரி சரியில்லை, இந்த லிங்க்கில் திருத்துங்கள்” என்ற வகைச் செய்திகள் அஞ்சல் துறையின் பெயரிலேயே உலவுகின்றன. அவை போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரித்திருக்கிறது. எனவே செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். பொருளை அனுப்பியவரிடம் உள்ள ரசீதிலிருந்தோ, வாங்கிய கடையின் ஆப்பிலிருந்தோ டிராக்கிங் எண்ணை எடுத்து, நிறுவனத்தின் தளத்தில் நீங்களே டைப் செய்து பாருங்கள். ஸ்பீட் போஸ்ட் என்றால் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என மொத்தம் 13 எழுத்துகள் இருக்கும். லிங்க்கில் போய்ப் பணம் கட்டிவிட்டவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

‘Delivered’ பதிவு எப்படி உருவாகிறது

காலையில் கூரியர் கிளையில் ஒவ்வொரு ஊழியருக்கும் அன்றைய பார்சல்களின் பட்டியல் ஒதுக்கப்படும். இதை ரன் ஷீட் என்பார்கள். அப்போதுதான் டிராக்கிங்கில் ‘Out for Delivery’ என்று வருகிறது. மாலைக்குள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும் அவர் முடித்தாக வேண்டும். ஒன்று, கொடுத்துவிட்டதாகப் பதிய வேண்டும். இல்லையென்றால் கதவு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை என்று காரணம் காட்டித் திருப்ப வேண்டும். திரும்பி வரும் பார்சல்கள் கூடினால் கிளையில் அவருக்குக் கேள்வி வரும். அதனால் நேரமாகிவிட்ட நாளில் சிலர் மறுநாள் கொடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, கொடுக்காத பார்சலையும் கொடுத்ததாக அழுத்திவிடுகிறார்கள். வேறு சில சமயம் பார்சல் உண்மையிலேயே கைமாறியிருக்கும், ஆனால் செக்யூரிட்டியிடமோ, கீழ்வீட்டிலோ, எதிர்க் கடையிலோ, முகவரி குழம்பி வேறு வீட்டிலோ. தொலைந்ததும் திருடு போனதும் உண்டு. குறுஞ்செய்தியில் இவை எல்லாமே ஒரே சொல்லாகத்தான் வரும். எது நடந்தது என்று பிரித்துக் காட்டுவது பி.ஓ.டி.தான்.

பி.ஓ.டி.யில் என்ன பார்க்க வேண்டும்

நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டாலும், பெரும்பாலும் பதிவான நேரம், பெற்றவர் பெயர் அல்லது உறவு, கையெழுத்து அல்லது புகைப்படம் ஆகியவை அதில் இருக்கும். பல நிறுவனங்களில் ஊழியரின் போன் இருந்த இடத்தின் ஜி.பி.எஸ். குறியீடும் பதிவாகிறது. ஓ.டி.பி. முறை உள்ள பார்சலுக்கு, ஓ.டி.பி. போடப்பட்ட நேரமும் கிடைக்கும்.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். திருநெல்வேலியிலிருந்து அவருடைய அண்ணன் அசல் மதிப்பெண் சான்றிதழைக் கூரியரில் அனுப்பினார். பகல் ஒன்றேகாலுக்கு ‘Delivered’ என்று வந்தது. காலையிலிருந்து வீட்டில் ஆள் இருந்தும் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. அவர் பி.ஓ.டி. கேட்டபோது, ரசீது அனுப்பியவரிடம் இருப்பதால் அவரே கேட்க வேண்டும் என்றார்கள். அண்ணன் கேட்டதும் வந்தது. பெற்றவர் என்ற இடத்தில் ‘Self’ என்று இருந்தது. கையெழுத்தில் விரலால் இழுத்த ஒரு கோடு. இவை இரண்டும் ஒன்றும் சொல்லவில்லை. புகைப்படத்தில் பச்சைக் கிரில் கேட்டின் ஓரம் தெரிந்தது. இவர் வீட்டு கேட் கறுப்பு. ஜி.பி.எஸ். எண்ணையும் தம் வீட்டின் எண்ணையும் மேப்பில் போட்டு ஒப்பிட்டார். அட்சரேகையில் 0.0016 வித்தியாசம் இருந்தது. அட்சரேகையில் 0.001 என்பது தரையில் சுமார் 110 மீட்டர். ஆக, பார்சல் ஏறத்தாழ 175 மீட்டர் தள்ளி, அதே தெருவில் இறங்கியிருக்கிறது.

காரணம் அங்கே போய்ப் பார்த்ததும் புரிந்தது. சென்னைத் தெருக்கள் பலவற்றில் வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. இவர் வீட்டுக்குப் பழைய எண் 14, புதிய எண் 27. அண்ணன் உறையில் வெறும் 14 என்று எழுதியிருந்தார். புதிய எண் 14 கொண்ட வீடுதான் அந்தப் பச்சைக் கிரில் வீடு. அங்கே மாமியார் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்த உறை, மருமகள் வேலையிலிருந்து வரும்வரை அப்படியே இருந்தது. அதே நாளில் கைக்கு வந்துவிட்டது.

இதே ஜி.பி.எஸ். குறியீடு கூரியர் கிளையின் மேல் விழுந்திருந்தால், அல்லது பதிவான நேரம் இரவு ஒன்பதைத் தாண்டியிருந்தால், அல்லது படத்தில் வண்டி டேங்கோ தரையோ மட்டும் தெரிந்திருந்தால், பார்சலைக் கொடுக்காமலே வரியை முடித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அப்போது தேட வேண்டிய இடம் கிளைதான். பொருள் இன்னும் அங்கேயோ ஊழியரின் பையிலோ இருக்க வாய்ப்பு உண்டு.

ஜி.பி.எஸ். எண்ணை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே அது சில பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். எந்த மாடி, எந்தக் கதவு என்று சொல்லாது. பொத்தானை அழுத்தியபோது போன் எங்கே இருந்தது என்பதைத்தான் அது பதிகிறது. வீட்டில் கொடுத்துவிட்டுத் தெருமுனை டீக்கடையில் நின்று அழுத்தினால், குறியீடு டீக்கடையில்தான் விழும். அதனால் நேரம், பெயர், படம், இடம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தே முடிவுக்கு வாருங்கள்.

எழுத்தில் கேளுங்கள், அன்றைக்கே கேளுங்கள்

போனில் கேட்டது கணக்கில் வராது. மின்னஞ்சலிலோ ஆப்பின் புகார்ப் பகுதியிலோ இப்படி எழுதினால் போதும்:

“இந்த டிராக்கிங் எண்ணுள்ள பார்சல் இன்ன தேதி, இன்ன நேரம் ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. எனக்கு அது வரவில்லை. பெற்றவர் பெயர், கையெழுத்து அல்லது புகைப்படம், பதிவான நேரம், ஜி.பி.எஸ். இடக்குறியீடு ஆகியவற்றுடன் பி.ஓ.டி.யை அனுப்பவும். ஊழியரிடம் கிளையில் விசாரித்துப் பதிலை எழுத்தில் தரவும்.”

புகார் எண்ணையும் டிராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்ககத்தில் இருப்பவர்கள் அன்றைக்கே சி.சி.டி.வி. பதிவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சில நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

ஆன்லைனில் வாங்கிய பொருள் என்றால் கூரியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். நீங்கள் பணம் கொடுத்தது விற்பனைத் தளத்துக்கு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

தனிப்பட்ட முறையில் அனுப்பும் கூரியரில் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இழப்பீட்டு வரம்பு இருக்கும். கையெழுத்திட்ட ரசீதில் உள்ள வரம்பு செல்லும் என்று 1996-இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விலை உயர்ந்த பொருளை அனுப்பும்போது மதிப்பைக் குறிப்பிட்டு, காப்பீடும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லோரிடமும் நாங்கள் கேட்பது

உங்கள் முகவரியைக் கொடுக்கும்போது பழைய எண், புதிய எண், மாடி, அருகில் உள்ள அடையாளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

பார்சல் கைக்கு வந்து, உறையில் உங்கள் பெயரைப் பார்த்த பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள். “கீழே நிக்கிறேன் சார், ஓ.டி.பி. சொல்லிடுங்க, செக்யூரிட்டிகிட்ட வச்சிட்டுப் போறேன்” என்ற பேச்சுக்கு இணங்க வேண்டாம். ஓ.டி.பி. கொடுத்துவிட்டால், பொருள் வரவில்லை என்று பிறகு நிறுவுவது மிகக் கடினம்.

அடுக்ககச் சங்கங்கள் வாசலில் ஒரு நோட்டு வைத்து, வாங்கிய பார்சலின் கடைசி நான்கு இலக்கம், நேரம், எடுத்துச் சென்றவர் கையெழுத்து ஆகியவற்றை எழுதச் செய்யுங்கள்.

அடுத்தவர் பார்சல் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், உறையில் உள்ள எண்ணுக்கு அன்றைக்கே ஒரு போன் போடுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும், பெயர் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

பி.ஓ.டி. பார்க்கும் முன் டெலிவரி தம்பியைத் திருடன் என்று பேச வேண்டாம். அவர் போன் எண் தெரிந்தால் எங்கே கொடுத்தார் என்று நயமாகக் கேளுங்கள். அன்று மாலை வரை அந்த வீடு அவருக்கு நினைவிருக்கும். மறுநாள் புதிய ரன் ஷீட் வந்துவிடும். பி.ஓ.டி. வாங்கத் தெரியாமல் திண்டாடுபவர்கள் டிராக்கிங் எண்ணோடு சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். புகார் எழுதவும் மேப்பில் இடம் பார்க்கவும் உடனிருந்து உதவுகிறோம்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழுவினர்,
குடியிருப்போர் நலச் சங்கம்