196 ரூபாய் எங்கிருந்து வந்தது?

ஒரு நிறுவனத்தின் பங்கு 196 ரூபாய் பெறும் என்று எழுதிய நண்பர், அது தம் அபிப்பிராயமல்ல, கணக்கு என்கிறார். வருங்கால ரொக்க வரவுகளை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டும் டி.சி.எஃப். முறையில் கூட்டல் பிசகவில்லைதான். ஆனால் கூட்டப்பட்ட எண்களைக் கொடுத்தது யார்?

அவர் கணக்கையே எடுப்போம். அடுத்த ஆண்டு செலவும் முதலீடும் போக மிஞ்சும் ரொக்கம் 100 கோடி; ஐந்தாம் ஆண்டுவரை ஆண்டுக்கு 10 சதவீத வளர்ச்சி; அதன்பின் என்றென்றைக்கும் 6 சதவீதம்; தள்ளுபடி விகிதம் 10. நிறுவன மதிப்பு சுமார் 2,864 கோடி வருகிறது. 900 கோடிக் கடனைக் கழித்து 10 கோடிப் பங்குகளுக்குப் பிரித்தால் 196. இப்போது தள்ளுபடியை 11, நிரந்தர வளர்ச்சியை 5 என்று மாற்றுங்கள்: பங்கு 106. இன்னும் ஒரு படி தள்ளி 12, 4 என்று வையுங்கள்: 61. இத்தனை சரிவிலும் முதல் ஐந்தாண்டு ரொக்கத்தின் இன்றைய மதிப்பு 455 கோடியிலிருந்து 431 கோடிக்குத்தான் இறங்குகிறது. அப்படியானால் ஆட்டம் நடப்பது எங்கே? ஐந்தாம் ஆண்டுக்குப் பிந்தைய எல்லாக் காலத்தையும் ஒற்றை எண்ணில் அடக்கும் இறுதி மதிப்பில். அதை வகுப்பது தள்ளுபடி விகிதத்துக்கும் வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளி. அந்த இடைவெளி 8லிருந்து 4 ஆனாலே இறுதி மதிப்பு இரட்டிக்கும். கடனோ அசையாது, எனவே ஆட்டம் முழுவதும் பங்குதாரர் தலையில் விடிகிறது. “ஒரு சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பெரிதில்லை” என்று எழுதியவர் இந்த வகுத்தலைச் செய்துதான் பார்த்தாரா?

கவனமாகக் கணித்தால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்களாம். 2014 ஜூனில் ஊபருக்கு முதலீட்டாளர்கள் வைத்த மதிப்பு 1,700 கோடி டாலர். இதே முறையில் அஸ்வத் தாமோதரன் கண்டது 590 கோடி. ஊபரில் முதலீடு செய்திருந்த பில் கர்லி அவரோடு மோதியது சூத்திரத்துக்காக அல்ல, ஊபரின் சந்தை எவ்வளவு பெரியது என்ற அனுமானத்துக்காக. தாமோதரனைவிட நம் நண்பர் கவனமானவரா?

இதைவிட மோசமானது அவருடைய முந்தைய அறிக்கை. பங்கு 95 ரூபாய்க்கு விற்றபோது 11, 5 என்ற எண்களை வைத்து 106 என்றவரும் இவரேதான். விலை 180க்கு ஏறியதும் 10, 6 ஆகிவிட்டது. நிறுவனத்தின் ரொக்க வரவில் ஒரு ரூபாய் மாறவில்லை. வளர்ச்சியைக் கூட்டியவர் அதற்கு வேண்டிய கூடுதல் முதலீட்டைக்கூட ரொக்கத்தில் கழிக்கவில்லை. புதிய முதலீடு ஈட்டுவது தள்ளுபடி விகித அளவுதான் என்றால் வளர்ச்சியால் மதிப்பு ஒரு பைசாவும் கூடாது என்பது இத்துறையின் அரிச்சுவடி. விலையை முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற அனுமானத்தைப் பிறகு தேடியிருக்கிறார் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன விளக்கம்?

கணக்கைத் தலைகீழாகப் போட்டிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். அவருடைய பழைய 11 சதவீதத் தள்ளுபடியில் 180 ரூபாய் சரியென்றால், நிரந்தர வளர்ச்சி ஏறக்குறைய 6.9 சதவீதம் வேண்டும். அந்த வளர்ச்சி எந்தத் தொழிலிலிருந்து, எவ்வளவு முதலீட்டில் வரும் என்று அவர் எழுதட்டும்.