சொல்வதெழுதுதலில் ஒரே மதிப்பெண், வேறுவேறு பிழைகள்

தொடக்கப் பள்ளிகளில் சொல்வதெழுதுதல் தாளைத் திருத்தும் முறை எளியது. பிழையான சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, மதிப்பெண்ணைக் கூட்டி, தவறிய சொற்களைப் பத்து முறை எழுதிவரச் சொல்வதே பெரும்பாலும் வழக்கம். இம்முறையில் எல்லாப் பிழையும் ஒரே எடை பெறுகின்றன. கை தவறி விட்ட புள்ளியும், காது பிரித்தறியாத ஒலியும் ஒரே சுழிக்குள் அடங்கிவிடுகின்றன. அயன்மொழி கற்போரின் பிழைகளைப் பற்றி எஸ். பிட் கார்டர் 1967-இல் எழுதிய கட்டுரை, தற்செயலான தவறுதலையும் கற்போரின் மொழியறிவு நிலையைக் காட்டும் முறையான பிழையையும் பிரித்துக் காணவேண்டும் என்றது. அப்பிரிப்பு தமிழ்ச் சொல்வதெழுதுதலுக்கு மிகவும் தேவைப்படுகிறது. எனினும் தமிழில் அதைச் செய்யும்போது ஒரு தடை குறுக்கிடுகிறது.

‘மயங்கொலிப் பிழை’ என்னும் பெயரே அத்தடை. ண, ந, ன. ல, ள, ழ. ர, ற ஆகிய எட்டும் மயங்கொலி எழுத்துகள் எனப்படுகின்றன. இவற்றில் பிழை நேர்ந்தால், குழந்தை ஒலியைச் சரியாகக் கேட்கவில்லை என்று முடிவு செய்கின்றனர். அம்முடிவு பெரும்பாலும் பொருந்துவதில்லை. ரகர றகர வேறுபாடு தமிழ்நாட்டின் பெரும்பகுதிப் பேச்சில் உயிர்களுக்கு இடையே மறைந்துவிட்டது. தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் பலர் நாவில் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. நகர னகரங்களோ இன்றைய பேச்சில் ஏறத்தாழ ஒரே ஒலி. எழுத்தில் எது வரும் என்பதைச் சொல்லில் அதன் இடம் தீர்மானிக்கிறது. ஆசிரியரின் நாவில் இல்லாத வேறுபாட்டை மாணவரின் காது கண்டுபிடிக்க இயலாது. ‘மழை’ என்பதை ‘மளை’ என ஒலித்துவிட்டு, ‘மளை’ என்று எழுதிய குழந்தைக்குச் சுழி இடுவது, கேட்டதைக் கேட்டபடி எழுதியதற்குத் தரும் தண்டனையாகும். இவை சொல்லின் எழுத்துருவை நினைவில் கொள்ளாமையால் வருபவை. வாசிப்பும் சொற்பயிற்சியுமே இவற்றுக்கு மருந்து.

காதை உண்மையில் சோதிப்பவை வேறு. தமிழ் வழக்கு எதுவாயினும் குறிலும் நெடிலும் வேறாகவே ஒலிக்கின்றன. தனி மெய்யும் இரட்டித்த மெய்யும் அவ்வாறே. ‘படம்’, ‘பாடம்’, ‘பட்டம்’ ஆகிய மூன்றையும் எவ்வூர்த் தமிழரும் பிரித்தே ஒலிக்கின்றனர். ஆகவே இவ்வேறுபாடுகளில் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், அதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிடலாகாது.

எடுத்துக்காட்டாக ஒரு தாளைக் கற்பனை செய்துகொள்ளலாம். மூன்றாம் வகுப்பு மாணவி 20 சொற்களில் 12 சரியாக எழுதியிருக்கிறாள். பிழைகள் எட்டு: பாடம் என்பது ‘படம்’, நாடு என்பது ‘நடு’, சீட்டு என்பது ‘சிட்டு’, கூடை என்பது ‘குடை’, மூடி என்பது ‘முடி’, மழை என்பது ‘மளை’, மறதி என்பது ‘மரதி’, பம்பரம் என்பது ‘பம்பரம’. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது கவனமற்ற குழந்தையின் தாள். முதல் ஐந்தும் பொருளுள்ள தமிழ்ச் சொற்களே ஆதலால், குழந்தை அவசரத்தில் வேறு சொல்லை எழுதிவிட்டது என்றே தோன்றும்.

இங்குப் பிழைகளை மட்டும் எண்ணுவது போதாது. பிழைக்கு எத்தனை வாய்ப்பு இருந்தது என்பதையும் எண்ணவேண்டும். கடைசிச் சொல்லில் ஒரு புள்ளி விடுபட்டது. அதே தாளில் மற்ற மெய்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி உள்ளது. எனவே அது கைத்தவறு. முதலெழுத்து நெடிலாக அமைந்த சொற்கள் ஏழு. அவற்றுள் ஐந்து குறிலாகிவிட்டன. ‘யானை’, ‘கீரை’ என்னும் இரண்டே தப்பின. எஞ்சிய 13 சொற்களும் குறிலில் தொடங்குபவை. அவற்றுள் ஒன்றுகூட நெடிலாகவில்லை. பிழை ஒரே திசையில் செல்கிறது. ஆசிரியர் இழுத்து இழுத்துச் சொன்னதால் வந்த குழப்பமாயின் குறில்களே நெடிலாகியிருக்கும். இங்கு நடந்திருப்பது அதற்கு நேர்மாறானது.

அடுத்து எழும் ஐயம், குழந்தைக்கு நெட்டெழுத்தின் வடிவம் தெரியவில்லையோ என்பது. உகர ஊகர உயிர்மெய்கள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால், கூ, மூ இரண்டில் மட்டும் பிழை வந்திருந்தால் அந்த ஐயம் வலுப்பெறும். ஆனால் தனித்து நிற்கும் துணைக்காலும் ‘பாடம்’, ‘நாடு’ இரண்டிலும் விடுபட்டிருக்கிறது. அதே துணைக்காலை ‘யானை’யிலும், ஈகாரக் குறியைக் ‘கீரை’யிலும் மாணவி சரியாக இட்டிருக்கிறாள். குறில் இட்டு எழுதினால் அவ்விரண்டும் சொல்லாகா. ஆகவே சொல்லறிவு கைகொடுத்த இடத்தில் நெடில் வந்தது. காதை மட்டும் நம்பிய இடத்தில் வரவில்லை.

இந்த ஊகத்தை மூன்று படிகளில் சரிபார்க்கலாம். மறுநாள், சுழி இடாத தாளைக் குழந்தையிடமே கொடுத்து உரக்கப் படிக்கச் செய்யவேண்டும். கைத்தவறுகளைக் குழந்தை தானே கண்டு திருத்தும். ‘குடை’யைக் குடை என்றே படித்து, அதுதான் சொல்லப்பட்டது என்று கூறுமானால் அது கைத்தவறன்று. இரண்டாவதாக, அச்சொற்களை மீண்டும் சொல்லி, எழுதுமுன் திருப்பிச் சொல்லச் செய்யவேண்டும். வாய் நெடிலாகச் சொல்லிக் கை குறிலாக எழுதினால் சிக்கல் எழுத்துக் குறியில் உள்ளது. வாயே குறிலாகச் சொன்னால் கேட்டலில் உள்ளது. மூன்றாவதாக, வாயசைவு தெரியாதவாறு மறைத்துக்கொண்டு 20 சொல்லிணைகளைச் சொல்லி, ஒன்றா வேறா என்று கேட்கவேண்டும். பாதி இணைகள் ஒரே சொல்லாகவும், மறுபாதி பட்டு, பாட்டு போன்றும் அமையவேண்டும். வெறும் ஊகத்தாலேயே பத்து சரியாகிவிடும் என்பதால், பத்தை ஒட்டிய விடை குழந்தை வேறுபாட்டைக் கேட்கவில்லை என்றே காட்டும். தொடக்கத்தில் மரம், மலர் போன்ற எளிய இணைகளைக் கேட்டு, குழந்தைக்குக் கேள்வி புரிந்ததா என்று அறிந்துகொள்வது இன்றியமையாதது.

கேட்கவில்லை என்பது செவிக்குறை என்று பொருள்படாது. ஒடியாவிலும் வங்காளத்திலும் இகர ஈகாரங்களுக்குத் தனித்தனி எழுத்து இருப்பினும், பேச்சில் உயிரின் நீளம் சொற்பொருளைப் பிரிப்பதில்லை. அம்மொழிகளை வீட்டில் பேசும் புலம்பெயர் தொழிலாளர் குழந்தைகள் இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்தம் காது நலமானது. நீளத்தைப் பொருட்படுத்தாமல் பழகியது. அத்தகைய குழந்தைக்குக் ‘கூடை’யைப் பத்து முறை எழுதவைப்பது கூடையை மட்டுமே கற்பிக்கும், அடுத்து வரும் ‘தூக்கு’ மீண்டும் ‘துக்கு’ ஆகும். சொல்லிணைகளைக் கேட்டுப் பிரிக்கும் பயிற்சியே அதற்கு உதவும். மாறாக, வீட்டுமொழி தமிழாகவே இருந்து, மெல்லொலியான மெய்களும் சொல்லிறுதிகளும் விடுபட்டு, சளி பிடித்த நாட்களில் பிழை பெருகுமாயின், பயிற்சிக்கு முன் காது மருத்துவரிடம் காட்டுவதே முறை.

ஒரே தாளைக் கொண்டு இம்முடிவுகளை உறுதி செய்ய இயலாது. வேறு நாட்களில், வேறு சொற்களில் எழுதிய இரண்டு மூன்று தாள்களில் அதே திசைப் பிழை தோன்றவேண்டும். அதற்குச் சொற்பட்டியலிலேயே குறிலும் நெடிலும், ஒற்றையும் இரட்டையும் போதிய அளவு இடம்பெறவேண்டும். மதிப்பெண்ணுக்கு அருகில் கைத்தவறு, எழுத்துரு, ஒலி என மூன்று எண்களை ஆசிரியர் குறிப்பது பெரிய சுமையன்று. மேற்கண்ட மாணவிக்கு அவை 1, 2, 5 என அமையும். பன்னிரண்டு என்னும் மதிப்பெண் மறைத்ததை அந்த ஐந்து காட்டிவிடும்.